குக்கர் வெடித்துக் காயம்: கடைக்காரர் எதற்குப் பொறுப்பு, கம்பெனி எதற்குப் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குக்கர் விபத்துக்குப் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தியாவில் நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்பு சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. குக்கர் வெடிச்சா அது நம்ம கவனக்குறைவுதானே? கம்பெனிமேல எப்படி கேஸ் போட முடியும்?

முடியும். 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த இந்தச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் முழுவதும் இதற்காகவே எழுதப்பட்டது. குறையுள்ள பொருளால் ஒருவருக்கு உடல் காயமோ உயிரிழப்போ சொத்துச் சேதமோ நேர்ந்தால், தயாரித்தவரும் சில சூழல்களில் விற்றவரும் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. இதைத் தயாரிப்புப் பொறுப்பு என்று சொல்கிறோம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கம்பெனிக்காரர் அலட்சியமாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவருடைய ஆலைக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் காட்ட வேண்டியவை மூன்று: குக்கரில் குறை இருந்தது, உங்களுக்குக் காயம் ஏற்பட்டது, அந்தக் குறையால்தான் இந்தக் காயம் வந்தது. வழக்குகள் பெரும்பாலும் தோற்பது மூன்றாவதில்தான். அதனால் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

2. எந்த மாதிரி குறைக்கு கம்பெனி பொறுப்பு?

சட்டத்தின் 84ஆம் பிரிவு ஐந்து வகை சொல்கிறது. தயாரிப்பில் நேர்ந்த குறை, வடிவமைப்பிலேயே உள்ள குறை, தான் வகுத்த தயாரிப்பு அளவுகளிலிருந்து விலகியது, வெளிப்படையாகத் தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமல் போனது, சரியாகப் பயன்படுத்தும் முறையையும் தவறாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்தையும் போதுமான அளவு சொல்லாதது.

குக்கரில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். அந்த ஒரு குக்கரில் மட்டும், மூடியைப் பாத்திரத்தோடு பூட்டிப் பிடிக்கும் காது மெலிந்து போயிருந்தால் அது தயாரிப்புக் குறை. உள்ளே ஆவி இருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பித் திறந்துவிட முடிகிற மாதிரி அந்த மாடல் முழுவதும் இருந்தால் அது வடிவமைப்புக் குறை. பருப்பு வேக வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லையென்றால் அது எச்சரிக்கைக் குறை. ஒரே விபத்தில் இரண்டு மூன்று வகை சேர்ந்தும் வரலாம். மனுவில் பொருந்துகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆய்வக அறிக்கை வேறொன்றைச் சொன்னால் சிக்கலாகிவிடும்.

3. குக்கர் உண்மையிலேயே எதனால வெடிக்குது? வக்கீல் கேட்டா என்ன சொல்றது?

வீட்டுக் குக்கர் சாதாரணமாக வேலை செய்யும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அதிகம். அப்போது நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ். மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் அதன்மேல் மொத்தம் சுமார் 310 கிலோ எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு விசிலுக்கும் இடையில் அந்த மூடி தாங்குவது நாலு பெரிய ஆட்களின் எடையை.

இந்த அழுத்தத்தை எல்லைக்குள் வைக்க இரண்டு வழி இருக்கிறது. முதலாவது மூடியின் நடுவில் இருக்கும் வென்ட் குழாயும் அதன்மேல் உட்காரும் வெயிட்டும். நாம் விசில் என்று சொல்வது அதைத்தான். இரண்டாவது சேஃப்டி வால்வு. அதன் நடுவில் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை அடைத்திருக்கும். பருப்புத் தோலோ பொங்கிய நுரையோ வென்ட் குழாயை அடைத்துவிட்டால் ஆவி வெளியேறாமல் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே ஏறும். அழுத்தம் இரண்டு மடங்கானால் ஆவி ஏறக்குறைய 133 டிகிரியைத் தொடும். மூடி பறக்கும் முன்பே அந்தக் கலவை உருகி ஆவியை வெளியே விட வேண்டும். சேஃப்டி வால்வு இருப்பதே அதற்காகத்தான்.

ஆகவே மூடி பறந்து விழுந்த குக்கரில் முதலில் பார்க்க வேண்டியது சேஃப்டி வால்வு. கலவை உருகாமல் அப்படியே இருந்தால், அழுத்தம் எல்லை மீறியபோதும் வால்வு வேலை செய்யவில்லை, அல்லது அழுத்தம் எல்லையை மீறும் முன்பே மூடியின் பூட்டோ காதோ விட்டுக்கொடுத்துவிட்டது. இரண்டுமே கேள்வி கேட்க வேண்டிய குறைகள். காது வளைந்திருக்கிறதா, முறிந்திருக்கிறதா, முறிந்த இடத்தில் பழைய கறுத்த விரிசல் தெரிகிறதா, கேஸ்கட் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பவை எது முதலில் நடந்தது என்று ஆய்வாளருக்குக் காட்டிக்கொடுக்கும்.

4. விபத்து நடந்த உடனே என்ன செய்யணும்?

முதலில் ஆள். வெந்த இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேஸ்ட், மாவு, மை எதுவும் தடவ வேண்டாம். அங்கே விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், எழுதும்போது பக்கத்தில் இருந்து கவனியுங்கள். ‘சமையல் செய்யும்போது தீக்காயம்’ என்று எழுதினால் அது அடுப்பா, எண்ணெயா, கேஸா என்று பின்னால் சண்டை வரும். ‘பிரஷர் குக்கர் மூடி வெடித்துப் பறந்ததில் ஆவியாலும் கொதிக்கும் பருப்பாலும் காயம்’ என்று, நடந்தது நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். அன்றே எழுதப்படும் அந்த இரண்டு வரி, ஆறு மாதம் கழித்து எழுதும் பத்துப் பக்க மனுவைவிட வலுவானது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குக்கரைக் கழுவாதீர்கள். அடுப்படியைத் துடைப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். மூடி எங்கே விழுந்தது, வெயிட் எங்கே கிடந்தது, கூரையிலோ சுவரிலோ பட்ட தடம், அடுப்பின் நிலை எல்லாம் படத்தில் வரட்டும். பிறகு பாத்திரம், மூடி, வெயிட், கேஸ்கட், உடைந்த திருகு, எதையும் விடாமல் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வையுங்கள். வென்ட் குழாயில் காய்ந்து ஒட்டியிருக்கும் பருப்புத் தோல்கூட சாட்சிதான்.

5. கம்பெனி ஆள் வந்து ‘செக் பண்ணணும், குடுங்க’ன்னு கேட்கிறார். குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வீட்டுக்கே வந்து பார்க்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும், நீங்களும் அதைப் படம் எடுங்கள். பெட்டியோடு கொடுத்துவிட்டால் திரும்பி வருவது அதே வால்வுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டரில் கேஸ்கட்டை மாற்றி, மூடியைத் தேய்த்துப் பளபளவென்று திருப்பித் தந்துவிட்டால் 3ஆம் கேள்வியில் சொன்ன தடயம் ஒன்றும் மிஞ்சாது.

ஆணையம் கேட்டால் மட்டும் கொடுங்கள். சோதனை செய்யாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆணையம் கருதினால், பொருளைப் பெற்று முத்திரையிட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. சோதனைக் கட்டணத்தை முதலில் மனுதாரரைக் கட்டச் சொல்லலாம். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும், ஆணையம் அந்த அவகாசத்தை நீட்டிக்கலாம். அனுப்பச் சொல்லி நீங்களே தனி மனு போடுங்கள். சேஃப்டி வால்வு எந்த வெப்பத்தில் உருகுகிறது, காதின் தடிமன் என்ன, முறிவு புதியதா பழையதா என்று கேள்விகளை அந்த மனுவிலேயே எழுதிவிடுங்கள். ‘குறை உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

6. கடைக்காரர் ‘நான் வித்தேன், அவ்வளவுதான், கம்பெனியக் கேளுங்க’ங்கிறார். சரியா?

பாதி சரி. வெறுமனே பெட்டியை வாங்கி அப்படியே விற்ற கடைக்காரரைச் சட்டம் தயாரிப்பாளருக்குச் சமமாக வைக்கவில்லை. ஆனால் 86ஆம் பிரிவு அவரைப் பொறுப்பாக்கும் சூழல்களைத் தெளிவாகச் சொல்கிறது. நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் அவற்றில் மூன்று அடிக்கடி நடக்கிறது.

ஒன்று, தயாரிப்பாளர் யார் என்றே தெரியாதது. பெட்டியில் ஒரு பெயர் இருக்கும், முகவரி இருக்காது. இருந்தாலும் அங்கே அனுப்பிய நோட்டீஸ் ‘அப்படி யாரும் இல்லை’ என்று திரும்பி வரும். அப்படியானால் பொறுப்பு விற்றவர் தலையில் விழும். இரண்டு, கடைக்காரர் தானாகவே கொடுத்த வாக்கு. பில்லின் மேல் ‘பத்து வருஷம் கியாரண்டி’ என்று அவர் கையால் எழுதிச் சீல் வைத்திருந்தால் அது அவருடைய சொந்த உத்தரவாதம். மூன்று, எச்சரிக்கையைக் கைமாற்றாதது. அலமாரியில் காட்சிக்கு வைத்த குக்கரை, கையேடும் பெட்டியும் இல்லாமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால், கம்பெனி சொன்ன எச்சரிக்கை உங்களிடம் வந்து சேராததற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விற்கும் முன் பொருளைப் பொருத்துவதிலும் சரிபார்ப்பதிலும் கவனம் தவறினாலும் அப்படியே.

இவை தவிர, வடிவமைப்பிலோ லேபிளிலோ கடைக்காரருக்குக் கணிசமான கட்டுப்பாடு இருந்தாலும், விற்கும் முன் அவர் எதையாவது மாற்றி அந்த மாற்றமே காயத்துக்குக் காரணமானாலும் பொறுப்பு உண்டு. எதுவுமே பொருந்தவில்லை என்று தோன்றினாலும் மனுவில் கடைக்காரரை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். குக்கர் எங்கிருந்து வந்தது என்று ஆணையத்தின் முன் காட்ட வேண்டியவர் அவர்.

7. பிராண்ட் ஒருத்தர், தயாரிச்சது வேற ஒருத்தர். யாரைப் பிடிக்கிறது?

பிராண்டை. வேறொருவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிப்பவரும் ‘தயாரிப்பாளர்’தான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. பல ஊர்ப் பட்டறைகளில் செய்து ஒரே பெயரில் விற்கும் குக்கர்கள் நிறைய. ‘நாங்கள் மார்க்கெட்டிங் மட்டும்தான்’ என்ற பதில் இங்கே செல்லாது. உண்மையில் செய்த ஆலையின் பெயர் பெட்டியில் இருந்தால் அவரையும் சேர்த்துவிடுங்கள்.

8. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கர் வாங்கிட்டேன். என் தப்புன்னு சொல்லிடுவாங்களா?

மாட்டார்கள், சொல்லவும் முடியாது. வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ். 2347 தரம் கட்டாயம் என்ற மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு முத்திரை இல்லாமல் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். சட்டப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாததையே ‘குறை’ என்று நுகர்வோர் சட்டம் வரையறுக்கிறது. அதனால் முத்திரையில்லாத குக்கர் உங்கள் வழக்குக்கு ஒரு படி முன்னதாகவே நிற்கிறது. ஆனாலும் அந்தக் குறைதான் காயத்துக்குக் காரணம் என்பதைக் காட்டும் வேலை மிச்சம் இருக்கிறது.

முத்திரை இருக்கிறது என்றால் அதன் உண்மையைச் சரிபாருங்கள். முத்திரையின் மேலே தர எண்ணும் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுபடியாகிறதா என்று வரும். வரும் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் வேறு என்றால் திரையைப் படம் பிடித்து வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முத்திரை உண்மையானது என்பதால் கம்பெனி தப்பித்துவிடாது. உரிமம் பெற்ற ஆலையிலிருந்தும் ஒரு குறையான குக்கர் வெளியே வரலாம். உங்கள் கையில் வெடித்தது அந்த ஒன்றுதான்.

9. ஆன்லைன்ல வாங்கினது. அந்த சைட்டுக்கும் பொறுப்பு உண்டா?

‘நாங்கள் வெறும் மேடை’ என்று முதல் பதிலிலேயே சொல்வார்கள். அதற்காக அவர்களை விட்டுவிட வேண்டாம். வாங்கிய ரசீதில் விற்பனையாளர் பெயர் தனியாக இருக்கும். அவரை விற்றவராகவும், தளத்தை அடுத்த எதிர்மனுதாரராகவும் சேருங்கள். விற்பனையாளரின் முகவரி தெரியவில்லை என்றால் தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, வாங்கியவர் கேட்டால் அந்த விவரத்தைத் தர வேண்டும். தளம் தன் சொந்த பிராண்டில் விற்ற குக்கர் என்றால் 7ஆம் கேள்வியின் பதில் அப்படியே பொருந்தும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் தரமுத்திரையில்லாத குக்கர்களுக்காக இரண்டு பெரிய தளங்கள்மேல் ஆணை போட்டது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும் ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரச் சொன்னதோடு, ஆளுக்கு ஒரு லட்சம் அபராதமும் விதித்தது. இரு நிறுவனங்களும் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அது தனி மனிதருக்கான இழப்பீடு அல்ல. சந்தையிலிருந்து பொருளை எடுக்கும் நடவடிக்கை. உங்கள் காயத்துக்கான பணம் மாவட்ட ஆணையத்தில்தான் கிடைக்கும்.

10. பில் இல்ல. கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் குடுத்தது. நான் கேஸ் போடலாமா?

போடலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். சீர்வரிசையில் வந்த குக்கரும் இதில் அடங்கும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா சமைக்கும்போது அடிபட்டால் அவரும் சம்மதத்தோடு பயன்படுத்தியவர் என்று வாதிடலாம். குழந்தைக்குக் காயம் என்றால் பெற்றோர் மனு செய்யலாம், இறந்துபோனால் வாரிசுகள் செய்யலாம். அடுப்படிக்கு எட்டிப்பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்றால் ‘அவர் பயன்படுத்தவில்லையே’ என்ற எதிர்வாதம் வரும். அவருக்கு சிவில் நீதிமன்ற வழி எப்போதும் போல இருக்கிறது.

பில் இல்லாததற்கு மாற்று உண்டு. கார்டு அல்லது யுபிஐ மூலம் பணம் போன கணக்கு, சீல் வைத்த வாரண்டி அட்டை, கடையின் கணினியில் அண்ணனின் செல்பேசி எண்ணில் பதிவான விற்பனை இவற்றில் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். குக்கரின் அடியில் தயாரித்த காலத்தைக் காட்டும் குறியீடு பதித்திருந்தால் அதையும் படம் எடுங்கள். அண்ணனிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொண்டால் போதும்.

11. வாரண்டி முடிஞ்சு போச்சே?

வாரண்டி என்பது பழுதை இலவசமாகச் சரிசெய்து தரும் காலம். காயத்துக்கான பொறுப்பு அதோடு முடிவதில்லை. ஆனால் குக்கரின் வயது வழக்கை வேறு விதத்தில் பாதிக்கும். ஒன்றரை வருடக் குக்கரில் காது முறிந்தால் அது தயாரிப்புக் குறை என்று சொல்வது எளிது. பன்னிரண்டு வருடக் குக்கரில் அதையே சொன்னால், தேய்மானமா குறையா என்ற கேள்விக்கு ஆய்வக அறிக்கைதான் பதில் தர வேண்டியிருக்கும்.

12. எவ்வளவு கேட்கலாம்? எதுக்கெல்லாம் கேட்கலாம்?

ஒரு கற்பனை உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். வீட்டில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். 5 லிட்டர் அலுமினியக் குக்கர், விலை 2,150 ரூபாய், வாங்கிப் பதினாறு மாதம். துவரம்பருப்பு வேகும்போது மூடி பறந்து வலது கையிலும் கழுத்திலும் வெந்துவிட்டது. மருத்துவமனைச் செலவு 1,64,300. வெளியே வாங்கிய மருந்தும் கட்டுப் போட்டதும் 27,450. போய்வந்த ஆட்டோ 4,800. நாளுக்கு 650 வீதம் 75 நாள் தைக்க முடியாமல் போனது 48,750. அடுப்பு சேதம் 7,900. தழும்புக்கு இனிச் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு மருத்துவர் எழுதித் தந்த மதிப்பீடு 60,000. இதுவரை 3,13,200. வலிக்கும் மன உளைச்சலுக்கும் மூன்று லட்சம் கேட்டால் மொத்தம் 6,13,200 ஆகிறது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீதோ மருத்துவர் கடிதமோ வேண்டும். தையல் வருமானத்துக்கு வாடிக்கையாளர் கணக்கு நோட்டும் வங்கிக் கணக்கும் காட்டலாம்.

குக்கரின் விலையான 2,150 இந்தக் கணக்கில் வராது. பொருளுக்கே நேர்ந்த சேதம் தயாரிப்புப் பொறுப்பில் சேராது என்று சட்டம் ஒதுக்கிவிட்டது. ஆனால் குறையுள்ள பொருளுக்காக விலையைத் திருப்பித் தரச் சொல்லி அதே மனுவில் தனிக் கோரிக்கையாகக் கேட்கலாம். தையல் வருமானத்திலும் ஒரு இழுபறி வரும். வணிக, பொருளாதார இழப்பு சேராது என்ற வாசகத்தைக் கம்பெனி காட்டும். உடல் காயத்தின் விளைவாக வரும் ‘வேறு இழப்பு’ சேரும் என்று அதே விளக்கத்தில் இருக்கும் வரியை நீங்கள் காட்டுங்கள். கூலி போனது கை வெந்ததால்தான். குக்கர் கெட்டதால் அல்ல.

13. எங்க, எப்படி மனு குடுக்கிறது? ஃபீஸ் எவ்வளவு? வக்கீல் வேணுமா?

உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுங்கள். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். எந்த ஆணையம் என்பதை நிர்ணயிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல. பொருளுக்குக் கொடுத்த விலைதான். 50 லட்சம் வரை விலையுள்ள பொருள் என்றால் மாவட்ட ஆணையம். ஆகவே முப்பது லட்சம் இழப்பீடு கேட்டாலும் குக்கர் வழக்கு அங்கேதான். விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. நேரிலும் தரலாம், e-jagriti.gov.in வழியாகவும் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் ஆய்வக அறிக்கைமேல் குறுக்கு விசாரணை வரும் என்று தெரிந்தால் ஒருவர் இருப்பது நல்லது.

மனுவுக்கு முன் கம்பெனிக்கும் கடைக்கும் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் அது திரும்பி வந்தால் 6ஆம் கேள்வியில் சொன்ன முதல் காரணத்துக்கு அந்த உறையே சாட்சி. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

14. ‘வென்ட் குழாய சுத்தம் பண்ணல, அதான் வெடிச்சுது’ன்னு கம்பெனி சொல்லுது. உண்மையாவே கொஞ்சம் அடைச்சுதான் இருந்துச்சு. கேஸ் போச்சா?

போகவில்லை. இந்த வழக்குகளில் வரும் மிகப் பொதுவான வாதம் இதுதான், இதைக் கேட்டுப் பயந்து பின்வாங்குகிறவர்களும் அதிகம். 3ஆம் கேள்விக்குத் திரும்புங்கள். வென்ட் குழாய் அடைபடும் என்று தெரிந்துதான் சேஃப்டி வால்வை வைத்திருக்கிறார்கள். அடைப்பு அழுத்தத்தை ஏற்றியது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த அழுத்தத்தில் வால்வு ஏன் திறக்கவில்லை? 12ஆம் கேள்வியின் பெண்ணுடைய குக்கரில் குழாயில் பருப்புத் தோலும் இருந்து, வால்வின் கலவையும் உருகாமல் இருந்தால், அடைப்பு என்ற வாதமே வால்வின் குறைக்குச் சாட்சியாகிவிடுகிறது.

வால்வு முறையாக உருகியிருந்தும், அதன் துளைமேல் நீங்கள் துணியைச் சுற்றி வைத்திருந்தால் கதை வேறு. பழுதான வால்வைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் திருகைப் போட்டு அடைத்திருந்தாலும் அப்படித்தான். தவறாகப் பயன்படுத்திய, மாற்றிய பொருளுக்கு விற்றவர்மேல் வழக்கு இல்லை என்கிறது 87ஆம் பிரிவு. தானே விற்கும் தயாரிப்பாளரும் அதைத் தனக்குக் கேடயமாக எடுப்பார். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கத் தேவையில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ‘ஆவி இருக்கும்போது திறக்காதே’ என்று எழுதவில்லையே என்று மட்டும் வாதிட்டால் அங்கே சறுக்கும். ஆவி இருக்கும்போது திறக்க முடிகிற மாதிரி பூட்டு ஏன் இருந்தது என்று கேளுங்கள். அது எச்சரிக்கைக் குறையிலிருந்து வடிவமைப்புக் குறைக்கு வழக்கைக் கொண்டுபோய்விடும்.

15. கேஸ்கட்ட தெருமுனைக் கடையில வாங்கி மாட்டினேன். கம்பெனி ஒரிஜினல் இல்ல.

இதை மறைக்காதீர்கள். ஆய்வகத்தில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்வி என்னவென்றால், அந்தக் கேஸ்கட்டால்தான் விபத்து நடந்ததா? பொருந்தாத கேஸ்கட் பெரும்பாலும் ஓரத்தில் ஆவியைக் கசியவிடும். மூடியின் காதை முறிக்காது. சேஃப்டி வால்வின் கலவையை உருகாமல் தடுக்காது. முறிந்தது காது என்றால் கேஸ்கட் யாருடையது என்பது பெரிய விஷயமில்லை. நீங்கள் மாற்றியது சேஃப்டி வால்வையே, அதுவும் போலி வால்வு என்றால் வழக்கு அந்த வால்வை விற்றவர்மேல் திரும்பும். அதனால் உதிரிப் பாகத்தின் உறையையும் தூக்கி எறியாதீர்கள்.

16. மெஸ் நடத்துறேன். அங்க வெடிச்சுது.

வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சிறு தொழிலுக்கு விலக்கு உண்டு. வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் மெஸ் பெரும்பாலும் அதில் அடங்கும். பத்துப் பேர் வேலை செய்யும் உணவகம் அடங்காது. அங்கே அடிபட்ட சமையல்காரருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் அது, இல்லையென்றால் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்று முதலாளியிடம் கேட்கும் வழி தனியாக இருக்கிறது.

17. கேஸ் சிலிண்டருக்கு இன்சூரன்ஸ் இருக்காமே, அதுல வருமா?

வராது. எண்ணெய் நிறுவனங்களின் அந்தக் காப்பீடு, சமையல் எரிவாயுவே முதன்மைக் காரணமான விபத்துக்கு மட்டும். குக்கர் வெடித்து, அதனால் குழாய் அறுந்து வாயு பற்றிக்கொண்டால்கூட முதல் காரணம் எது என்ற கேள்வி எழும். ஏஜென்சிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து வைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் ‘கேஸ் வெடித்தது’ என்று எழுதிவிட்டால் அதையே குக்கர் கம்பெனி உங்களுக்கு எதிராகக் காட்டும்.

18. கம்பெனி புதுக் குக்கரும் பத்தாயிரமும் தர்றேங்குது. கையெழுத்து போடலாமா?

காகிதத்தை முழுதாகப் படியுங்கள். ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்ற வரி இருந்தால், தழும்புக்கு அடுத்த வருடம் அறுவை தேவைப்பட்டாலும் கேட்பது கடினம். பழைய குக்கரைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள், 5ஆம் கேள்வியில் சொன்ன சாட்சி அதோடு போய்விடும். அவசரச் செலவுக்குப் பணம் தேவையென்றால், ‘மருத்துவச் செலவுக்கு முன்பணமாகப் பெற்றேன், மீதிக் கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாங்க வேண்டாம்.

சமரசம் வேண்டும் என்றால் மனு போட்ட பிறகு ஆணையம் வழியாகவே மத்தியஸ்தத்துக்குப் போகலாம். அங்கே எழுதப்படும் உடன்பாடு ஆணையத்தின் உத்தரவாக மாறும். கம்பெனி பணம் தராமல் இழுத்தால், உத்தரவை மீறியதற்கான 72ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வீட்டு வாசலில் கையெழுத்தான வெள்ளைத்தாளுக்கு அந்தப் பலம் கிடையாது.